வட்டி எவ்வளவு ஏறும் என்பதைவிட எப்போது ஏறும் என்பதே கேள்வி

வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நிலையான வட்டியா, மாறும் வட்டியா? அடுத்த பத்து ஆண்டுகளில் வட்டி எந்தப் பக்கம் போகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்த முடிவை எடுப்பதற்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. வட்டி போகக்கூடிய சில பாதைகளை நாமே கற்பனை செய்து, ஒவ்வொரு பாதையிலும் இரண்டு கடன்களையும் மாதம் மாதமாக ஓட்டிப் பார்த்தால் போதும். எந்தப் பாதையில் எது வெல்கிறது, எவ்வளவு வித்தியாசத்தில் வெல்கிறது என்பது தெரிந்துவிடும். அதன்பின் நமக்கு எந்த ஆபத்தைத் தாங்க முடியும் என்பதை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

சென்ற வருடம் திருச்சியில் வீடு வாங்கிய என் சித்தி மகனுக்காக இந்தக் கணக்கைப் போட்டேன். அதன் எண்களைச் சற்று முழுமையாக்கி இங்கே எழுதுகிறேன். கடன் 30 லட்சம் ரூபாய், காலம் பத்து ஆண்டுகள், அதாவது 120 மாதத் தவணைகள். மாறும் வட்டி இன்று 8 சதவீதம். நிலையான வட்டி 9.5 சதவீதம், பத்து ஆண்டுகளும் அதே. இரண்டும் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்ட விகிதங்கள். உங்கள் வங்கி சொல்லும் எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தவணை. நிலையான கடனுக்கு மாதம் 38,819 ரூபாய். மாறும் கடனுக்குத் தொடக்கத்தில் 36,398 ரூபாய். வித்தியாசம் 2,421. நிலையான வட்டியைத் தேர்ந்தெடுப்பவர் முதல் மாதத்திலிருந்தே இந்த 2,421 ரூபாயைக் காப்பீட்டுப் பிரீமியம் போலக் கட்டுகிறார். வட்டி ஏறினால் தன்னைத் தொடாமல் இருப்பதற்காக அவர் கொடுக்கும் விலை அது. இந்த விலை நியாயமானதா என்பதுதான் பாதைகளை ஓட்டிப் பார்த்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

எளிய பாதை, வட்டி பத்து ஆண்டுகளும் 8 சதவீதத்திலேயே நிற்பது. மாறும் கடனுக்கு மொத்தம் கட்டுவது 43,67,794 ரூபாய். நிலையான கடனுக்கு 46,58,312. மாறும் கடன் 2,90,518 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது. வட்டி இறங்கினால் மிச்சம் இன்னும் கூடும். இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. ஏறினால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எவ்வளவு ஏற்றத்தை வைத்துக்கொள்வது? நான் 2.5 சதவீதப் புள்ளியை எடுத்தேன். காரணம் இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 2022 மே மாதத்தில் 4 சதவீதத்திலிருந்து உயர்த்தத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. பத்து மாதத்துக்குள் 2.5 புள்ளி. ரெப்போவோடு இணைக்கப்பட்ட வீட்டுக் கடன்களின் வட்டியும் அதே அளவு ஏறியது. ஆகவே 8 சதவீதம் 10.5 ஆவது வெறும் பயமுறுத்தல் அல்ல, அண்மையில் நடந்ததன் அளவுதான். இதைவிடப் பெரிய ஏற்றமும் உண்டு. 2010 தொடக்கத்தில் 4.75 சதவீதமாக இருந்த ரெப்போ, 2011 அக்டோபரில் 8.5 ஆகியிருந்தது.

இப்போது ஒரே ஏற்றத்தை இரண்டு இடங்களில் வைத்துப் பார்க்கிறேன்.

முதல் பாதையில் ஏற்றம் சீக்கிரம் வருகிறது. முதல் ஆண்டு 8 சதவீதம். இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது 10.5 ஆகி, ஐந்தாம் ஆண்டு முடியும் வரை அங்கேயே நிற்கிறது. பிறகு 8 சதவீதத்துக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டாம் பாதையில் ஏற்றம் தாமதமாக வருகிறது. முதல் ஆறு ஆண்டுகள் 8 சதவீதம், கடைசி நான்கு ஆண்டுகள் 10.5. இரண்டிலும் உயர்ந்த வட்டி நான்கே ஆண்டுகள்தான். பத்தாண்டுச் சராசரியைப் போட்டால் இரண்டுக்கும் சரியாக 9 சதவீதம். வட்டி மாறும்போதெல்லாம் தவணையைத் திருத்தி, கடன் பத்து ஆண்டுகளில் முடியும்படி வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் ஏறும் பாதையில், முதல் ஆண்டு முடிவில் நிலுவை அசல் 27,95,843 ரூபாய். அந்தத் தொகைக்கு, மீதமுள்ள 108 மாதங்களுக்கு, 10.5 சதவீதத்தில் தவணை 40,123 ஆகிறது. அதாவது மாதம் 3,725 ரூபாய் கூடுகிறது. ஐந்தாம் ஆண்டு முடிவில் நிலுவை 18,66,704. வட்டி 8 சதவீதத்துக்குத் திரும்பியதும் தவணை 37,850. பத்து ஆண்டுகளில் மொத்தம் 46,33,673 ரூபாய்.

தாமதமாக ஏறும் பாதையில், ஆறு ஆண்டுகள் 36,398 ரூபாயே போகிறது. அதற்குள் நிலுவை அசல் 14,90,943 ஆகக் கரைந்துவிடுகிறது. ஏழாம் ஆண்டில் வட்டி 10.5 ஆனதும் தவணை 38,173. மொத்தம் 44,52,989 ரூபாய்.

வட்டி ஏறாமலே இருந்த பாதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீக்கிரம் வந்த ஏற்றத்தின் செலவு 2,65,879 ரூபாய். தாமதமாக வந்த ஏற்றத்தின் செலவு 85,195 ரூபாய். அளவு ஒன்றே, கால நீளம் ஒன்றே, சராசரி ஒன்றே. ஆனால் செலவு மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. வட்டி கணக்கிடப்படுவது நாம் முதலில் வாங்கிய 30 லட்சத்துக்கு அல்ல, அந்த மாதம் மீதமிருக்கும் அசலுக்கு. தொடக்க ஆண்டுகளில் மலைபோல் நிற்கும் அசல் மீது 2.5 புள்ளி விழுந்தால் வலிக்கும். கடைசி ஆண்டுகளில் விழுவதற்கு அங்கே அவ்வளவு அசல் இருக்காது.

தாமதமான பாதையில் இன்னொன்றையும் பார்க்கிறேன். வட்டி 10.5 சதவீதத்தில் நிற்கும்போதுகூட அந்தக் கடனின் தவணை 38,173தான். நிலையான கடன்காரர் முதல் நாளிலிருந்து கட்டும் 38,819ஐ அது கடைசி வரை எட்டவே இல்லை. ஆகவே, “வட்டி 10.5 ஆனால் நிலையான 9.5தானே லாபம்” என்று வாய்க்கணக்காகச் சொல்வதில் பொருளில்லை. எந்த ஆண்டில் 10.5 ஆனது என்று கேட்ட பிறகுதான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

சீக்கிரம் ஏறிய பாதையிலும் மாறும் கடன் நிலையானதைவிட 24,639 ரூபாய் குறைவாகத்தான் முடிகிறது. ஆனால் இதை வெற்றி என்று நான் எண்ண மாட்டேன். முதல் ஆண்டில் மாதம் 2,421 மிச்சம், அடுத்த நான்கு ஆண்டுகள் மாதம் 1,303 ரூபாய் கூடுதல் செலவு, கடைசி ஐந்து ஆண்டுகள் மாதம் 969 மிச்சம். எட்டாம் ஆண்டில் மிச்சமாகும் ரூபாய்க்கு இன்றைய ரூபாயின் மதிப்பு இல்லை. ஆண்டுக்கு 7 சதவீதம் கழித்து எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், அந்த 24,639 ஏறக்குறைய 12,000 ரூபாயாகச் சுருங்குகிறது. பத்து ஆண்டுகளுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அந்தப் பாதையில் இரண்டு கடனும் சமம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நிலையான வட்டி தெளிவாக வெல்லும் பாதை ஒன்றும் உண்டு. இரண்டாம் ஆண்டில் 10.5 ஆன வட்டி இறங்காமலே, பத்தாம் ஆண்டு வரை அப்படியே நின்றுவிட்டால் மாறும் கடனுக்கு மொத்தம் 47,70,036 ரூபாய் ஆகிறது. நிலையான கடன் 1,11,724 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது.

இந்த நான்கு பாதைகளையும் பார்த்த பிறகு எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. வட்டி ஒருமுறை ஏறி, பிறகு இறங்காமல் நிற்பதாக வைத்துக்கொண்டால், மாறும் கடன் தோற்பதற்கு அது எவ்வளவு ஏற வேண்டும்? ஓர் ஆண்டு கழித்து ஏறினால் சுமார் 9.8 சதவீதம் போதும். மூன்று ஆண்டுகள் கழித்து ஏறினால் சுமார் 10.9 வரை போக வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து ஏறினால் 13.4 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அதாவது, முதல் ஐந்து ஆண்டுகளை 8 சதவீதத்தில் கடந்துவிட்டவரை நிலையான வட்டி தோற்கடிக்க வேண்டுமென்றால், வட்டி 5.4 புள்ளி ஏறி ஐந்து ஆண்டுகள் அங்கேயே நிற்க வேண்டும். பத்தாண்டுக் கடனில் நாம் உண்மையில் அஞ்ச வேண்டிய காலம் முதல் மூன்று, நான்கு ஆண்டுகள்தான்.

இதை யாரும் சொந்தமாகச் செய்து பார்க்கலாம். கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து, ஒரு வரிசைக்கு ஒரு மாதம் என்று வைத்து, தொடக்க நிலுவை, அந்த மாத வட்டி விகிதம், வட்டித் தொகை, தவணை, முடிவு நிலுவை என்று ஐந்து பத்திகள் போட்டால் போதும். அந்த மாத வட்டி என்பது தொடக்க நிலுவையை ஆண்டு விகிதத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தது. தவணையில் வட்டி போக மிஞ்சுவது அசலில் கழியும். நான் பயன்படுத்திய சூத்திரங்கள் மூன்றுதான்:

```
=PMT(8%/12, 120, -3000000)
=PMT(10.5%/12, 108, -2795843)
=NPER(10.5%/12, -36398, 2795843)
```

முதலாவது தொடக்கத் தவணையைத் தரும். இரண்டாவது வட்டி ஏறிய பிறகான தவணையைத் தரும். மூன்றாவது வேறொரு கேள்விக்கானது: தவணையை ஏற்றாமல் அதே 36,398 ரூபாயைக் கட்டிக்கொண்டிருந்தால் கடன் முடிய எத்தனை மாதம் ஆகும்? விடை 128.

அந்த மூன்றாவது சூத்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாறும் கடனில் மக்கள் உண்மையில் பணம் இழக்கும் இடம் அதுதான். இதுவரை நான் போட்ட கணக்கில், வட்டி ஏறியபோதெல்லாம் தவணையும் ஏறியது. நடைமுறையில் பல கடன்களில் அப்படி நடப்பதில்லை. தவணையை அப்படியே விட்டுவிட்டு, மாதங்களைக் கூட்டிவிடுகிறார்கள். வங்கிக் கணக்கிலிருந்து போகும் தொகை மாறாததால் கடன் வாங்கியவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரிவதில்லை.

நம் உதாரணத்தில் ஓராண்டு கழித்து வட்டி 10.5 ஆகி நின்றால், 108 மாதத்தில் முடிய வேண்டியது 128 மாதம் ஆகும். இருபது மாதம் கூடுதல். மொத்தமாகக் கட்டுவது ஏறக்குறைய 50.95 லட்சம். தவணையை 40,123 ஆக ஏற்றியிருந்தால் 47.70 லட்சத்தில் முடிந்திருக்கும். மாதம் 3,725 ரூபாய் கூடக் கட்டாமல் விட்டதற்காக 3.25 லட்சம் அதிகமாகக் கொடுக்கிறோம். நிலையான வட்டிக்கும் மாறும் வட்டிக்கும் இடையே நான் மேலே காட்டிய எந்த வித்தியாசத்தையும்விட இது பெரியது. வட்டி ஏறாத பாதையில் கிடைத்த 2.9 லட்ச மிச்சத்தைக்கூட இது விழுங்கிவிடுகிறது.

இருபதாண்டுக் கடனில் இது இன்னும் மோசமாகும். அதே 30 லட்சத்துக்கு 8 சதவீதத்தில் இருபது ஆண்டுகளுக்குத் தவணை 25,093 ரூபாய். ஓராண்டு கழித்து நிலுவை சுமார் 29.37 லட்சம். அதற்கு 10.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 25,695 ரூபாய். கட்டும் தவணை வட்டிக்கே போதவில்லை. ஒவ்வொரு மாதமும் பணம் கட்டக் கட்டக் கடன் வளர்கிறது. எத்தனை மாதம் கூட்டினாலும் அந்தக் கடன் முடியாது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. காலத்தை நீட்டுவதால் அசல் வளரும் நிலை வரக்கூடாது என்றும், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்பதைத் தேர்ந்தெடுக்கக் கடன் வாங்கியவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதில் சொன்னது. எனவே தவணையைக் கூட்டச் சொல்லிக் கேட்பது சலுகைக்காகக் கெஞ்சுவது அல்ல. கேட்காமல் இருந்தால் மட்டும் காலம் நீண்டுவிடும்.

இது நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. கடன் கணக்கு அறிக்கையில் மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். சென்ற ஆண்டு இதே மாத அறிக்கையில் இருந்ததைவிட அது பன்னிரண்டு குறைந்திருக்க வேண்டும். அப்படிக் குறையவில்லையென்றால் உங்கள் கடன் நீட்டப்பட்டிருக்கிறது.

என் சித்தி மகனுக்கு இந்தக் கணக்கையெல்லாம் காட்டியபோது அவன் கேட்டான்: “அக்கா, பத்து வருடமும் ஒரே தவணை என்றால் மனதுக்கு நிம்மதிதானே? மிச்சத்துக்கு ஆசைப்பட்டு அதை ஏன் விட வேண்டும்?”

நியாயமான கேள்விதான். ஒரே தவணையின் நிம்மதியை மாறும் கடனிலேயே பெருமளவு வாங்க முடியும் என்றேன். வழி இதுதான்: மாறும் கடனை எடுத்துக்கொண்டு, முதல் மாதத்திலிருந்தே நிலையான கடனின் தவணையான 38,819ஐக் கட்டுவது. கேட்கும் தவணைக்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயும் நேராக அசலில் கழியும். தனிநபர்கள் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்ற விதி 2012 முதல் இருக்கிறது. ஆகவே இதற்குத் தடையில்லை.

இப்படிச் செய்யும்போது ஒப்பீடு மிகவும் எளிதாகிவிடுகிறது. இரண்டு கடன்களிலும் மாதம் போகும் பணம் ஒன்றே. வேறுபடுவது கடன் முடியும் மாதம் மட்டும். வட்டி 8 சதவீதத்திலேயே நின்றால் கடன் 109 மாதத்தில் முடிகிறது, பதினொரு மாதம் முன்னதாக. தாமதமாக ஏறினால் 111 மாதம். சீக்கிரம் ஏறி இறங்கினால் 120 மாதம், நிலையான கடன் முடியும் அதே மாதம். இரண்டாம் ஆண்டில் ஏறி இறங்காமலே நின்றால் 124 மாதம் கட்டி, 125ஆவது மாதத்தில் ஒரு சிறு தொகையோடு முடிகிறது.

பதினொரு மாதம் முந்துவது முதல் நான்கு மாதம் பிந்துவது வரை, இவ்வளவுதான் இந்தத் தேர்வின் முழு வீச்சு. லட்சக்கணக்கில் பார்க்கும்போது வராத தெளிவு மாதக்கணக்கில் பார்க்கும்போது எனக்கு வந்தது. அவனும் இதைப் பார்த்துத்தான் மாறும் வட்டிக்கு ஒப்புக்கொண்டான். மோசமான பாதையில் வங்கி 39,000, 40,000 என்று தவணையை ஏற்றச் சொல்லலாம். அதையும் அவனால் கட்ட முடியும் என்பதை முதலிலேயே பார்த்துக்கொண்டோம்.

இதில் நடைமுறையில் ஒரு சிக்கல் வரும். தவணைக்கு மேல் போகும் தொகையைச் சில வங்கிகள் தாமாக அசலில் கழிப்பதில்லை, பகுதி முன்செலுத்தல் என்று குறிப்பிட்டுத் தனியாகச் செலுத்தச் சொல்கின்றன. வேறு சில இடங்களில் அசலில் கழித்துவிட்டு, காலத்தைக் குறைப்பதற்குப் பதிலாகத் தவணையைக் குறைத்துவிடுகிறார்கள். தவணை குறைந்தால் நாம் எண்ணியிருந்த வேகம் போய்விடும். காலத்தைத்தான் குறைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. அடுத்த மாத அறிக்கையிலும் சரிபார்க்க வேண்டும்.

நான் சொன்ன எல்லாமே நிலையான வட்டிக்கும் மாறும் வட்டிக்கும் இடையே 1.5 புள்ளி இடைவெளி இருப்பதை வைத்து. அந்த இடைவெளி குறைந்தால் தீர்ப்பு புரண்டுவிடும். நிலையான வட்டி 8.5 சதவீதத்தில் கிடைத்தால் அதன் தவணை 37,196, மொத்தம் 44,63,485 ரூபாய். அப்போது தாமதமாக ஏறும் பாதைகூட ஏறத்தாழ சமமாகத்தான் முடிகிறது. சீக்கிரம் ஏறும் பாதையில் மாறும் கடன் 1.70 லட்சம் தோற்கிறது. அரைப் புள்ளி இடைவெளியில், பத்து ஆண்டுகளுக்கும் உண்மையாகவே நிலையான வட்டி கிடைக்குமானால் நான் தயங்காமல் அதை எடுப்பேன். ஆகவே வங்கியில் முதலில் கேட்க வேண்டியது அந்த இடைவெளி எவ்வளவு என்பதைத்தான்.

கணக்குக்கு உள்ளே இருக்கும் இரண்டு அனுமானங்களையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, மாறும் வட்டி என் பாதைகளின்படி ஏறவும் இறங்கவும் செய்யும் என்பது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைத்தே தர வேண்டும். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைத் திருத்தியாக வேண்டும். ஆகவே 2025இல் ரெப்போ 6.5 சதவீதத்திலிருந்து படிப்படியாக 5.25க்கு இறங்கியபோது அந்தக் கடன்களின் வட்டியும் இறங்கியது. ஆனால் இந்தக் கட்டாயம் வங்கிகளுக்குத்தான். வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்து மாறும் கடன் தரலாம். அங்கே ஏறுவது வேகமாகவும் இறங்குவது மெதுவாகவும் இருந்தால், “சீக்கிரம் ஏறி ஐந்தாம் ஆண்டில் இறங்கும்” பாதை “ஏறி நின்றுவிடும்” பாதையாகிவிடும். சமமாக முடிந்திருக்க வேண்டியது ஒரு லட்ச ரூபாய்த் தோல்வியாகும். 2019க்கு முந்தைய வங்கிக் கடன் இன்னும் பழைய முறையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அதற்கும் இது பொருந்தும். புதிய முறைக்கு மாற்றித் தரும்படி வங்கியில் கேட்கலாம்.

இரண்டாவது அனுமானம், நிலையான வட்டி பத்து ஆண்டுகளும் நிலையாக இருக்கும் என்பது. இந்தியாவில் “நிலையான வட்டி” என்ற பெயரில் வரும் பல கடன்களில், முதல் இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே வட்டி நிலையாக இருக்கும். பிறகு அது மாறும் வட்டியாகிவிடும், அல்லது வங்கி மறுபடி நிர்ணயிக்கும். இவற்றை நான் முழுவதும் தள்ளிவிட மாட்டேன். அசல் உச்சத்தில் இருக்கும் தொடக்க ஆண்டுகளில்தானே நமக்குப் பாதுகாப்புத் தேவை? ஐந்து ஆண்டுகளுக்கு நிலையாக இருக்கும் கடன், கேட்கும் விலை குறைவாக இருந்தால், பத்து ஆண்டு நிலையான கடனைவிடப் பொருத்தமானதுகூட. இரண்டு ஆண்டுகள் மட்டும் நிலையாக இருப்பதற்கு ஒரு புள்ளிக்கு மேல் கூடுதலாகக் கேட்டால், அதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

நிலையான கடனின் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு இடங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சந்தையில் அசாதாரண மாற்றம் ஏற்பட்டால் வட்டியைத் திருத்தும் உரிமை வங்கிக்கு உண்டு என்று சொல்லும் பிரிவு. அது இருந்தால், நீங்கள் மாதம் 2,421 ரூபாய் கட்டி வாங்கிய பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் இல்லாமல் போகலாம். இன்னொன்று, முன்கூட்டி அடைத்தால் கட்டணம். மாறும் கடனுக்கு உள்ள அபராதத் தடை நிலையான கடனுக்கு அதே வகையில் பொருந்தாது. வட்டி பெருமளவு இறங்கி, மூன்றாம் ஆண்டில் வேறு வங்கிக்கு மாற நினைத்தால், நிலுவையில் 2 சதவீதம் கட்டணம் என்று ஒப்பந்தம் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 24 லட்சம் நிலுவைக்கு 48,000 ரூபாய் போகும். நிலையான கடனைப் பாதைகளில் ஓட்டும்போது, வட்டி இறங்கும் பாதையில் இந்தத் தொகையையும் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஒருவருக்கு மட்டும், 1.5 புள்ளி இடைவெளி இருந்தாலும் நிலையான வட்டியை எடுங்கள் என்று சொல்வேன். கைக்கு வரும் மாத வருமானத்தில் 38,819 கட்ட முடியும், 40,123 கட்டவே முடியாது, கையிருப்பும் இல்லை என்ற நிலையில் இருப்பவருக்கு. அவர் மாறும் கடன் எடுத்து, இரண்டாம் ஆண்டில் ஏற்றம் வந்தால் காலத்தை நீட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்காது. நீட்டினால் 3.25 லட்சம் கூடுதலாகப் போகும். அவருக்கு முன்னால் இருக்கும் உண்மையான ஒப்பீடு 46.58 லட்சத்துக்கும் 47.70 லட்சத்துக்கும் இடையே இல்லை, 46.58 லட்சத்துக்கும் 50.95 லட்சத்துக்கும் இடையே இருக்கிறது. அவரே கடன் தொகையை 28 லட்சமாகக் குறைத்துக்கொள்ள முடிந்தால், இரண்டாம் ஆண்டின் அந்த உயர்ந்த தவணை 37,448 ரூபாயாகிவிடும். அப்போது அவரும் மாறும் வட்டியை எடுக்கலாம்.